வாட்ச் அதிரும்போது ஸ்டாப் தாண்டிவிட்டது: பேருந்தில் தூங்குபவர்களுக்கான வட்டக் கணக்கு

"பெங்களூர் டின் ஃபேக்டரியில் 500D பேருந்து ஏறுவேன், எக்கோஸ்பேஸில் இறங்க வேண்டும். மாரத்தஹள்ளி வருவதற்குள் தூங்கிவிடுகிறேன். போனில் மேக்ரோட்ராய்டு செயலி போட்டு, ஸ்டாப்பைச் சுற்றி 100 மீட்டர் வட்டம் வைத்து, வாட்ச் அதிரும்படி செய்திருக்கிறேன். பாதி நாள் பெல்லந்தூர் தாண்டியபிறகு அதிர்கிறது, சில நாள் அதிர்வதே இல்லை. போன் ஆண்ட்ராய்டு, வாட்ச் 2,000 ரூபாய் புளூடூத் வாட்ச். ஜிபிஎஸ் உள்ள வாட்ச் வாங்கினால் சரியாகிவிடுமா?"

வாங்க வேண்டாம். உங்கள் வாட்ச் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. பிரச்சினை அந்த 100 மீட்டரில் இருக்கிறது.

நான் மொபைல் செயலிகள் எழுதுகிறவன். மூன்று வருடம் ஒரு டெலிவரி நிறுவனத்தில் இதே வேலைதான்: வண்டி கடைக்கு அருகே வந்ததும் கடைக்காரருக்குத் தகவல் போக வேண்டும். அங்கே நாங்கள் முதலில் செய்த தவறும் இதுதான், வட்டத்தைச் சின்னதாக வைத்தோம். சின்ன வட்டம் என்றால் துல்லியம் என்று தோன்றுவது இயல்பு. ஓடும் வண்டியில் அது நேர்மாறாக வேலை செய்யும்.

முதலில் யார் எந்த வேலையைச் செய்கிறார்கள் என்று பார்ப்போம். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று கண்டுபிடிப்பது போன். வட்டத்துக்குள் வந்துவிட்டீர்கள் என்று மேக்ரோட்ராய்டை எழுப்புவதும் போன்தான். மேக்ரோட்ராய்டு ஒரு நோட்டிஃபிகேஷன் போடுகிறது, வாட்சின் செயலி அதை எடுத்து புளூடூத் வழியாகக் கைக்கு அனுப்புகிறது. கடைசி அதிர்வு மட்டும்தான் வாட்சின் பங்கு. ஜிபிஎஸ் உள்ள வாட்ச் வாங்கினாலும், ஓட்டம், நடை என்று நீங்கள் பயிற்சியைத் தொடங்கும்போது அது ஜிபிஎஸ்ஸைத் திறக்குமே தவிர, நாள் முழுக்க எக்கோஸ்பேஸ் வந்ததா என்று பார்த்துக்கொண்டிருக்காது. அப்படிப் பார்த்தால் அதன் சின்ன பேட்டரி தாங்காது.

போனும் எந்நேரமும் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. ஆண்ட்ராய்டு 8 வந்ததிலிருந்து, திரையில் இல்லாத செயலிக்கு இடத் தகவல் அவ்வப்போதுதான் கிடைக்கும். வட்டத்துக்குள் நுழைந்தபிறகு செயலிக்குச் செய்தி போகச் சராசரியாக 2 முதல் 3 நிமிடம் ஆகலாம் என்று கூகுளே ஆண்ட்ராய்டு ஆவணத்தில் எழுதியிருக்கிறது. போன் நெடுநேரம் அசையாமல் கிடந்தால் 6 நிமிடம் வரை போகலாம். வட்டத்தின் ஆரம் குறைந்தது 100 முதல் 150 மீட்டர் இருக்கட்டும் என்றும் அங்கேயே இருக்கிறது. அந்தக் குறைந்தபட்ச அளவைத்தான் நீங்கள் வைத்திருக்கிறீர்கள். நடந்து வருபவருக்கு அது போதும், பேருந்தில் வருபவருக்குப் போதாது.

உங்கள் பேருந்தை வைத்தே கணக்குப் போடலாம். காலை ஏழு மணி, ரிங் ரோடு காலியாக இருக்கிறது, பேருந்து மணிக்கு 36 கிலோமீட்டரில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது நிமிடத்துக்கு 600 மீட்டர். 100 மீட்டர் வட்டத்தின் விளிம்பைத் தொட்ட 10 நொடியில் நீங்கள் ஸ்டாப்பில் இருப்பீர்கள். செய்தி 3 நிமிடம் கழித்து வருகிறது. அதற்குள் பேருந்து 1,800 மீட்டர் ஓடிவிட்டது, அதாவது ஸ்டாப்பைத் தாண்டி 1,700 மீட்டர். எக்கோஸ்பேஸிலிருந்து அவ்வளவு தூரம் போனால் பெல்லந்தூர் முடிந்து இப்ளூர் பக்கம் வந்துவிடுகிறது. நீங்கள் சொன்ன பாதி நாள் கதை இதுதான்.

அதிர்வதே இல்லாத நாட்களுக்கும் காரணம் இதே வட்டம்தான். 100 மீட்டர் ஆரம் என்றால் விளிம்பிலிருந்து விளிம்புக்கு 200 மீட்டர். அந்த வேகத்தில், ஸ்டாப்பில் நிற்காமலோ ஓரிரு நொடி நின்றோ போகும் பேருந்து அதை 20 நொடியில் கடந்துவிடும். போன் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறைதான் எட்டிப் பார்க்கிறது. முதல் முறை பார்க்கும்போது நீங்கள் சக்ரா மருத்துவமனை அருகே இருக்கிறீர்கள், அடுத்த முறை பார்க்கும்போது பெல்லந்தூரில். நடுவில் வட்டத்துக்குள் வந்து போனது போனுக்குத் தெரியவே தெரியாது. தெரியாததை அது எப்படிச் சொல்லும்?

ஆகவே வட்டத்தை இறங்கும் இடத்தில் வைக்காதீர்கள். அதற்கு முன்னால் வரும் ஒரு இடத்தில், பெரிதாக வையுங்கள்.

எவ்வளவு முன்னால் என்றால், இரண்டு நேரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். ஒன்று, போன் எடுத்துக்கொள்ளும் 3 நிமிடம். இன்னொன்று, உங்களுக்கு வேண்டிய நேரம்: கண் திறந்து, பையை எடுத்து, நிற்கிறவர்களை விலக்கிக்கொண்டு கதவுப் பக்கம் போக 2 நிமிடமாவது ஆகும். ஆக 5 நிமிடம். நிமிடத்துக்கு 600 மீட்டர் என்றால் 3 கிலோமீட்டர். எக்கோஸ்பேஸ் ஸ்டாப்புக்குச் சாலை வழியாக 3 கிலோமீட்டர் முன்பே பேருந்து வட்டத்தின் விளிம்பைத் தொட வேண்டும். மாரத்தஹள்ளியிலிருந்து வரும்போது கடுபீசனஹள்ளி சுமார் இரண்டேகால் கிலோமீட்டர் முன்னால் வருகிறது. அங்கே மையத்தை வைத்து 800 மீட்டர் ஆரம் கொடுத்தால் விளிம்பு கிட்டத்தட்ட 3 கிலோமீட்டரில் விழும். கூகுள் மேப்ஸில் ஓர் இடத்தை அழுத்திப் பிடித்து, "Measure distance" எடுத்து, சாலையின் வளைவோடு புள்ளிகளை நகர்த்தி நீங்களே அளந்துகொள்ளுங்கள். ஐந்து நிமிட வேலை. இந்த வட்டம் விளிம்புக்கு விளிம்பு 1,600 மீட்டர். பேருந்து இதற்குள் இரண்டரை நிமிடத்துக்கு மேல் இருக்கும், போன் எட்டிப் பார்க்கும் ஒரு தடவையாவது நீங்கள் உள்ளே இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

இப்போது அடுத்த சிக்கல். வட்டம் தூரத்தைத்தான் அளக்கிறது, உங்களுக்கு வேண்டியது நேரம். அதே சாலையில் ஒன்பதரை மணிக்குப் பேருந்து மணிக்கு 10 கிலோமீட்டரில் ஊர்ந்தால் நிமிடத்துக்கு 167 மீட்டர்தான். 3 கிலோமீட்டர் கடக்க 18 நிமிடம். போனின் 3 நிமிடம் போக, ஸ்டாப் வருவதற்கு 15 நிமிடம் முன்பே அதிரும். எழுந்து, இன்னும் தேவரபீசனஹள்ளியே வரவில்லையே என்று பார்த்து, மறுபடி தூங்கிவிடுவீர்கள். நிறையப் பேர் இந்தக் கட்டத்தில்தான் இந்த ஏற்பாட்டையே விட்டுவிடுகிறார்கள்.

அதற்கு இரண்டாவது வட்டம் ஒன்று வைக்க வேண்டும். இதன் மையம் எக்கோஸ்பேஸ் ஸ்டாப்பிலேயே இருக்கட்டும், ஆரம் 850 மீட்டர். நெரிசல் நாளில் போன் தாமதிக்கும் 3 நிமிடத்தில் பேருந்து 500 மீட்டர்தான் நகரும், மிச்சம் 350 மீட்டர். ஸ்டாப் வர இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் இருக்கும்போது அதிரும், அதற்குள் கதவருகே போய்விடலாம். சாலை காலியாக இருக்கும் நாளில் இந்த இரண்டாவது வட்டம் தாமதமாகத்தான் வரும், ஆனால் அன்று முதல் வட்டமே சரியான நேரத்துக்கு எழுப்பியிருக்கும். வேகமான நாளை ஒரு வட்டம் பார்த்துக்கொள்கிறது, மெதுவான நாளை இன்னொன்று.

மேக்ரோட்ராய்டில் இதற்கு இரண்டு மேக்ரோ போதும். டிரிகர் பகுதியில் Location பிரிவுக்குள் Geofence Trigger எடுத்து, வட்டத்தை வரைந்து, நுழையும்போது என்று கொடுங்கள். ஆக்‌ஷனில் Display Notification. கட்டுப்பாட்டில் நேரத்தையும் கிழமையையும் கட்டாயம் போடுங்கள். உங்களுக்கு காலை 6:30 முதல் 10:30, திங்கள் முதல் வெள்ளி என்று வைத்துக்கொள்ளலாம். இது எதற்கென்றால், வட்டத்துக்குத் திசை தெரியாது. சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பும்போதும் கடுபீசனஹள்ளி வழியாகத்தான் போவீர்கள், அப்போதும் அதிரும். தினமும் ஒரு தடவை தேவையில்லாமல் அதிர்ந்தால், பத்தாவது நாள் கை அதைக் கவனிக்காமல் விட்டுவிடும். சாயங்காலத்துக்கு டின் ஃபேக்டரிக்கு முன்னால் வேறு வட்டம் வைத்து, அதற்குச் சாயங்கால நேரத்தைக் கொடுங்கள்.

இன்னொன்று, ஒரே ஒரு நோட்டிஃபிகேஷன் தூங்குகிறவரை எழுப்பாது. இந்த விலையிலுள்ள வாட்சுகள் செய்திக்கு ஒன்றிரண்டு துடிப்புடன் நிறுத்திக்கொள்ளும். ஆக்‌ஷனில் ஒரு Display Notification, அதன்பின் 20 நொடி காத்திருப்பு, மறுபடி ஒன்று, மறுபடி காத்திருப்பு, மூன்றாவது ஒன்று என்று அடுக்குங்கள். மூன்றிலும் வேறு வேறு வரி எழுதுங்கள், ஒரே வரி என்றால் சில வாட்ச் செயலிகள் அதைப் பழையது என்று நினைத்து அனுப்பாமல் விட்டுவிடுகின்றன. நான் என்னுடையதில் "கடுபீசனஹள்ளி", "பையை எடு", "எழுந்திரு" என்று எழுதியிருந்தேன்.

இதை நான் ஒரு செவ்வாய்க்கிழமை தூங்காமல் உட்கார்ந்து சோதித்தேன். ஜன்னல் ஓர இருக்கை, கையில் ஒரு சின்ன நோட்டு. 7:12-க்கு மாரத்தஹள்ளி பாலம். 7:15-க்கு முதல் வட்டத்தின் விளிம்பு, அதை நான் வரைபடத்தில் பார்த்து ஒரு பெட்ரோல் பங்க்கை அடையாளம் வைத்திருந்தேன். வாட்ச் சும்மா இருந்தது. 7:16, 7:17, இன்னும் சும்மா. பக்கத்தில் இருந்தவர் என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். கடுபீசனஹள்ளி ஸ்டாப்பை விட்டுப் பேருந்து நகர்ந்து, மேம்பாலத்து நிழல் ஜன்னலைத் தாண்டியபோது மணிக்கட்டில் முதல் துடிப்பு வந்தது, மணி 7:17 முடியப் போகிறது. மூன்றாவது துடிப்பு வந்தபோது நான் படிக்கட்டருகே நின்றிருந்தேன். 7:21-க்குக் கண்டக்டர் "எக்கோஸ்பேஸ், பேக இளீரி" என்று குரல் கொடுத்தார். அன்று பழைய 100 மீட்டர் வட்டத்தையும் அழிக்காமல் வைத்திருந்தேன். அது கடைசி வரை வரவே இல்லை.

சரி, இவ்வளவு செய்தும் ஒரு நாள் வரவில்லை என்றால் எங்கே அறுந்தது என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறது. மேக்ரோட்ராய்டில் System Log என்று ஒரு பகுதி உண்டு, எந்த மேக்ரோ எத்தனை மணிக்கு ஓடியது என்று அதில் பதிவாகும். அதில் 7:17 என்று இருந்து, வாட்ச் மட்டும் அதிரவில்லை என்றால், பிரச்சினை போனுக்கும் வாட்சுக்கும் நடுவே. வாட்சின் செயலியைத் திறந்து, எந்தெந்தச் செயலியின் செய்தி கைக்கு வரலாம் என்ற பட்டியலில் MacroDroid டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். வாட்ஸ்அப்பும் போன் அழைப்பும் முதலிலேயே டிக் ஆகியிருக்கும், இது இருக்காது. அடுத்து, வாட்சின் செயலியைப் பேட்டரி சேமிப்பு மூடிவிடுகிறதா என்று பாருங்கள். வீட்டில் உட்கார்ந்தே சோதிக்க, மேக்ரோவைத் திறந்து Test Actions கொடுங்கள். வாட்ச் அதிர்ந்தால் அந்தப் பாதி நலமாக இருக்கிறது.

பதிவிலேயே ஒன்றும் இல்லை என்றால் குறை இடத் தகவலில். இங்கே மூன்று இடங்களில் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். மேக்ரோட்ராய்டுக்கு இட அனுமதி "Allow all the time" என்று இருக்க வேண்டும், "Allow only while using the app" என்று இருந்தால் போனைப் பையில் போட்டதும் அதற்குக் கண் தெரியாது. அதே பக்கத்தில் "Use precise location" போட்டிருக்க வேண்டும். இரண்டாவது பேட்டரி: மேக்ரோட்ராய்டுக்கு மட்டும் கட்டுப்பாடு இல்லை என்று கொடுங்கள், சில நிறுவனங்களின் போன்களில் ஆட்டோஸ்டார்ட் என்று தனியாக ஒரு அனுமதியும் கேட்கும். பயணத்தின்போது பேட்டரி சேவர் போடாதீர்கள், அது இடம் பார்ப்பதை மேலும் தள்ளிப்போடும். மூன்றாவது வைஃபை.

வைஃபை ஏன் என்று கேட்கலாம். பின்னணியில் போன் பெரும்பாலும் ஜிபிஎஸ்ஸைத் திறப்பதில்லை, சுற்றியிருக்கும் வைஃபை ரவுட்டர்களின் தனி அடையாள எண்ணையும் செல்போன் கோபுரங்களையும் வைத்துத்தான் இடத்தைக் கணிக்கிறது. ரிங் ரோடு முழுக்க அலுவலகங்கள், ஓட்டல்கள், பிஜிக்கள். ரவுட்டர்களுக்குப் பஞ்சமே இல்லை, கணிப்பு 20 முதல் 50 மீட்டருக்குள் அமையும். பேட்டரி மிச்சம் என்று வைஃபையை முழுக்க அணைத்து, ஸ்கேனிங்கையும் நிறுத்திவிட்டால் கோபுரம் மட்டும்தான் மிச்சம், கணிப்பு பல நூறு மீட்டர் விலகிவிடும். வைஃபையை இணைக்க வேண்டாம், ஆனால் Location services-க்குள் இருக்கும் Wi-Fi scanning மட்டும் எரிந்துகொண்டிருக்கட்டும்.

அலுவலகம் வந்ததும் ஏதாவது நினைவூட்ட வேண்டும் என்றால், உதாரணத்துக்கு மேனேஜரிடம் லீவு கேட்பது, அதற்கு வட்டமே வேண்டாம். அலுவலக வைஃபையில் போன் இணைந்ததும் என்று டிரிகர் வையுங்கள், நொடியில் வரும். ஐடி கார்டை மறக்காமல் எடுப்பதற்கு, வீட்டு வைஃபை துண்டிக்கப்படும்போது என்று வைக்கலாம். ஆனால் அது அதிரும்போது நீங்கள் தெருவில் இறங்கியிருப்பீர்கள், எதிர்வீட்டு அக்கா கோலம் போடுகிற இடம் வரை போயிருப்பீர்கள். திரும்பி மாடி ஏறத் தயார் என்றால் வையுங்கள். மெட்ரோவில் கப்பன் பார்க்கிலிருந்து மெஜஸ்டிக் வரை பூமிக்கடியில் போகிறவர்களுக்கும் வட்டம் கைகொடுக்காது, அங்கே போனின் இடக் கணிப்பை நம்ப முடியாது. ஏறும் ஸ்டேஷனிலேயே வாட்சில் டைமர் போட்டுக்கொள்வதுதான் சரி, மெட்ரோ நேரம் தவறுவது குறைவு.

ஐபோனும் ஆப்பிள் வாட்சும் வைத்திருக்கும் நண்பர்கள் இதையே செய்ய, Shortcuts செயலியில் Automation, அதில் Arrive எடுங்கள், நேர வரம்பும் அங்கேயே கொடுக்கலாம். கேட்காமலே ஓட Run Immediately போடுங்கள். ஐபோன் வட்டத்தின் விளிம்பைத் தாண்டி 20 நொடியாவது உள்ளே இருந்தால்தான் நுழைந்ததாக எடுத்துக்கொள்ளும், ஆகவே அங்கும் சின்ன வட்டம் ஆகாது. அப்புறம் ஒன்று: ஐபோன் திறந்து கையில் இருக்கும்போது செய்தி போனில்தான் வரும், வாட்சுக்குப் போகாது. போன் பூட்டிக் கிடந்து, வாட்ச் கையில் கட்டியிருந்தால்தான் மணிக்கட்டு அதிரும். ஓடும் வீடியோவை அப்படியே விட்டுத் தூங்கினால் திரை அணையாது, கையும் அதிராது. தூங்குவதற்கு முன் போனைப் பூட்டுங்கள். வாட்சின் செட்டிங்ஸில் Sounds & Haptics-க்குள் Prominent என்று மாற்றினால் துடிப்பு அழுத்தமாக இருக்கும்.

முதல் வாரம் எழுப்பப்பட்ட நேரத்தையும் ஸ்டாப் வந்த நேரத்தையும் தினமும் குறித்து வையுங்கள். இடைவெளி இரண்டு நிமிடத்துக்குக் கீழே போன நாள் ஒன்றாவது இருந்தால் முதல் வட்டத்தின் மையத்தைக் கடுபீசனஹள்ளியிலிருந்து மாரத்தஹள்ளிப் பக்கம் 300 மீட்டர் நகர்த்துங்கள், ஆரத்தைத் தொடாதீர்கள். அதுவரை, பக்கத்து இருக்கைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைத்துவிட்டுத் தூங்குங்கள். 500D-யில் எப்படியும் ஒருவராவது எக்கோஸ்பேஸில் இறங்குகிறவர் இருப்பார்.